மதியம் ஒரு மணி வாடையும் சிங்க்கில் கிடக்கும் டப்பாவும்

"பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிற சின்ன ஆபீஸ். ஒரு குட்டி கிச்சன், ஒரு மைக்ரோவேவ், ஒரு ஃப்ரிட்ஜ். யாரோ மீன் சூடு பண்ணினார்கள் என்று ஆரம்பித்த பேச்சு இப்போது இரண்டு கோஷ்டியில் வந்து நிற்கிறது. சாப்பிட்ட டப்பாவை சிங்க்கில் போட்டுவிட்டுப் போகிற பிரச்சினை வேறு. 'வாடை வரும் சாப்பாடு கொண்டுவரக் கூடாது' என்று நோட்டீஸ் ஒட்டச் சொல்கிறார் முதலாளி. ஒட்டலாமா? வேறு வழி உண்டா?"

ஒட்டாதீர்கள். இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். சிறிய அலுவலகங்களின் நிர்வாக வேலையைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அந்த நோட்டீஸை நானே ஒருமுறை ஒட்டியிருக்கிறேன். வாடை குறையவில்லை. பன்னிரண்டு வருடமாக அங்கே இருந்த கணக்காளர் ஒருவர், அன்று முதல் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். கட்டடத்தின் பின்பக்கப் படி அது, விளக்குகூடச் சரியாக எரியாது. மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு அவர் சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் இந்த விஷயத்தை நான் ஒழுங்காக யோசிக்க ஆரம்பித்தேன். அந்த அலுவலகத்தில் என்ன கண்டுபிடித்தோம் என்பதையே சொல்கிறேன். உங்கள் இடத்துக்கும் அதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், நீங்கள் ஒரே மூச்சில் எழுதியிருக்கும் இரண்டையும் தனித்தனியாகப் பிரியுங்கள். வாடை ஒரு பிரச்சினை. சிங்க்கில் கிடக்கும் டப்பா வேறொரு பிரச்சினை. டப்பாவைக் கழுவாமல் போனவர் செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யவில்லை. மீன் கொண்டுவந்தவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, தன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டார், அவ்வளவுதான். இரண்டும் ஒரே பேச்சில் கலக்கும்போது, மீன் கொண்டுவந்தவருக்கு 'அசுத்தமானவர்' என்ற பெயர் வந்துவிடுகிறது. அவர் தன் டப்பாவைக் கழுவித் துடைத்து வைக்கிறவராகக்கூட இருப்பார். கோஷ்டி உருவாவது இந்த இடத்தில்தான். சாப்பாட்டைச் சொன்னால் மனிதருக்கு வீட்டைச் சொன்ன மாதிரி, அம்மாவைச் சொன்ன மாதிரி. அந்தக் காயம் டப்பா கழுவுவதோடு ஆறாது.

வாடையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒருவர் "தாங்க முடியலை" என்கிறார். இன்னொருவர் "வாடையே இல்லையே, சும்மா சொல்றாங்க" என்கிறார். இரண்டு பேரும் உண்மைதான் பேசுகிறார்கள். ஒரு வாடை சூழ்ந்த இடத்தில் சில நிமிடம் இருந்தாலே மூக்கு அதற்குப் பழகிவிடும். அந்த வாடை அங்கேயேதான் இருக்கும், ஆனால் நமக்குத் தெரியாமல் போகும். சூடு பண்ணுகிறவர் ஆரம்பத்திலிருந்தே பக்கத்தில் நிற்பதால், தட்டை எடுத்து வைப்பதற்குள் அவருக்கு அது மறைந்திருக்கும். கதவைத் திறந்துகொண்டு வெளியிலிருந்து வருகிறவருக்கு முழுதாக முகத்தில் அடிக்கும். ஆகவே வாடை இருக்கிறதா இல்லையா என்று கிச்சனுக்குள் நின்று வாதாடாதீர்கள். கட்டடத்துக்கு வெளியே பத்து நிமிடம் நின்றுவிட்டு வருகிறவர் சொல்வதை எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டால், 'பொய் சொல்கிறார்' என்ற சந்தேகமாவது ஒழியும்.

எங்கள் அலுவலகத்தில் அதிகம் புகார் சொன்ன பெண்ணிடம் ஒன்று கேட்டேன். "யார் கொண்டு வந்தாங்க, என்ன கொண்டு வந்தாங்கன்னு பார்க்க வேண்டாம். வாடை தொந்தரவா இருக்கிற நேரத்தை மட்டும் உங்க மேஜைக் காலண்டர்ல குறிச்சு வைங்க, ரெண்டு வாரம்." கணக்காளரிடமும் தனியாகப் போய், படியில் சாப்பிட வேண்டாம், வழக்கம்போல் கிச்சனுக்கே வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு வாரத்தில் அந்தக் காலண்டரில் பதினொரு குறிப்புகள். அவற்றில் ஏழு, மாலை மூன்றரைக்குப் பிறகு. அந்த ஏழில் நான்கு நாள் அலுவலகத்தில் யாரும் மீனே கொண்டுவரவில்லை.

மதியம் ஒரு மணிக்கு அடிப்பது சாப்பாட்டு வாடை. மாலை நான்கு மணிக்கும் அடித்தால் அது அநேகமாகச் சாப்பாட்டிலிருந்து வரவில்லை, கிச்சனிலிருந்து வருகிறது. தேடிப் பார்த்ததில் நான்கு இடங்கள் அகப்பட்டன. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் நாள் முழுக்க ஈரமாகவே சிங்க்கின் மூலையில் கிடந்தது. சிங்க்கின் துளையில் இருக்கும் சல்லடையை யாரும் கையால் தூக்கியே பார்த்ததில்லை, அதன் அடியில் வழவழவென்று ஒரு படலம். சிங்க்குக்குக் கீழே மூடியில்லாத குப்பைக்கூடை, மறுநாள் காலைதான் காலியாகும். நான்காவதுதான் யாரும் எதிர்பார்க்காதது. மைக்ரோவேவின் உட்புறப் பக்கச் சுவரில் அட்டை மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். அலைகள் உள்ளே வரும் வழியை மூடியிருக்கும் மைக்கா தகடு அது. தெறித்த எண்ணெயும் குழம்பும் அதில் ஊறிப் போய், யார் எதைச் சூடு பண்ணினாலும் ஒரு கருகல் வாடையைக் கிளப்பிக்கொண்டிருந்தது. வெறும் சோற்றைச் சூடு பண்ணினாலும் பழைய மீன் வாடை வந்ததற்குக் காரணம் இதுதான்.

மூன்றைச் சரிசெய்ய ஒரு மாலை போதுமானதாக இருந்தது. ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, தொங்கவிட்டால் சீக்கிரம் காயும் நீளக் கைப்பிடி பிரஷ் வைத்தோம். சல்லடையைத் தினமும் கழற்றிக் கழுவுவது துப்புரவுப் பணியாளரின் வேலையில் சேர்ந்தது. மூடி போட்ட கூடை வாங்கி, சாப்பாட்டு மிச்சம் இருக்கும் பையை மதியமே கட்டி வெளியே போடச் சொன்னோம். மைக்ரோவேவுக்கு மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது. அகலமான கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, இரண்டு மேஜைக்கரண்டி வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டு, ஒரு மரக்கரண்டியையும் அதில் போட்டு, நான்கு நிமிடம் சூடாக்க வேண்டும். மரக்கரண்டி எதற்கென்றால், மைக்ரோவேவில் தண்ணீர் சில சமயம் கொதிநிலையைத் தாண்டியும் அசையாமல் இருந்துவிட்டு, தொட்டதும் பொங்கி முகத்தில் அடிக்கும். சூடானதும் கதவைத் திறக்காமல் ஐந்து நிமிடம் விட்டால், ஆவியில் ஊறிய கறை துணியால் துடைத்தாலே வந்துவிடும். கூரைப் பகுதியையும் துடையுங்கள். அதை யாருமே துடைப்பதில்லை. தகட்டை ஈரத்துணியால் மெதுவாகத் துடைக்கலாம். கருகிப் புள்ளி விழுந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, அந்த மாடலுக்கு உரிய தகட்டை வாங்கி மாற்ற வேண்டும்.

இதற்குப் பிறகும் மதிய வாடை இருக்கத்தான் செய்யும். அது ஏன் வருகிறது, எப்படி ஹாலுக்குள் போகிறது என்று பார்ப்போம். கடல் மீனின் சதையில் இயல்பாகவே இருக்கும் ஒரு பொருள், மீன் பிடிபட்ட பிறகு மெல்லச் சிதைந்து டிரைமெத்தில் அமைன் என்ற பொருளாக மாறும். மிக மிகக் குறைந்த அளவிலேயே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். சூடுபடும்போது காற்றில் ஏறும். கோஸும் முட்டையும் தரும் வாடை கந்தகம் சேர்ந்த பொருள்களால் வருவது, அது வேறு வகை. டிரைமெத்தில் அமைன் காரத்தன்மை கொண்டது என்பதால் புளிப்பு எதுவும் அதை மட்டுப்படுத்தும். சூடு பண்ணுவதற்கு முன் எலுமிச்சை பிழிவது அதனால்தான் வேலை செய்கிறது. கந்தக வாடைக்கு எலுமிச்சை உதவாது. மூடி வைப்பது, குறைந்த சூட்டில் கொஞ்சம் கூடுதல் நேரம் வைப்பது ஆகிய இரண்டும் எல்லாவற்றுக்கும் உதவும். முழு சக்தியில் மூன்று நிமிடம் வைத்தால் ஓரம் வெடித்துத் தெறிக்கும், நடுவில் குளிர்ந்தே இருக்கும். பாதி சக்தியில் ஐந்தாறு நிமிடம் வைத்து, நடுவில் ஒருமுறை கிளறினால் தெறிப்பும் குறையும், வாடையும் குறையும்.

மைக்ரோவேவ் கதவு சாத்தியிருப்பதால் வாடை உள்ளேயே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே இருக்கும் விசிறி, கருவியைக் குளிர்விப்பதோடு ஆவியையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பின்னாலோ பக்கத்திலோ கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாகக் காற்று வரும். வாடை வருவது அந்த வழியாக. எங்கள் அலுவலகத்தில் மைக்ரோவேவ் இருந்தது கதவோரம். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது எதிர்ச் சுவரில். வாடை ஃபேனுக்குப் போக வேண்டுமானால் கிச்சன் முழுவதையும் கடக்க வேண்டும், ஹாலுக்குப் போக ஒரு எட்டுதான். மைக்ரோவேவை ஃபேனுக்குக் கீழே மாற்றினோம்.

அப்படியும் சரியாகவில்லை. காரணத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு துண்டு டிஷ்யூ. டிஷ்யூவை மெல்லிய நாடாவாகக் கிழித்து, கிச்சன் கதவைக் கையகலம் மட்டும் திறந்து, அந்த இடுக்கில் பிடித்துப் பாருங்கள். ஃபேன் ஓடும்போது நாடா கிச்சனுக்குள் சாய வேண்டும். அப்படியானால் ஹால் காற்று கிச்சனுக்குள் போகிறது, வாடை வெளியே வராது. எங்கள் இடத்தில் நாடா ஹால் பக்கம் சாய்ந்தது. ஃபேன் ஓடுகிறது, சத்தமும் போடுகிறது, காற்று மட்டும் எதிர்த்திசையில் போகிறது.

காரணம் ஜன்னல். வாடை போகட்டும் என்று நல்ல எண்ணத்தில் யாரோ தினமும் ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளிக்காற்று அந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்து, வந்த வேகத்தில் கொஞ்சம் ஃபேன் வழியாக வெளியே போனது. மிச்சம் கிச்சன் வாடையைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்குள் போனது. அறைக்குள் இருக்கும் காற்றை ஃபேன் தொடவே இல்லை. ஜன்னலைச் சாத்தினோம், அடுத்த நொடியே நாடா கிச்சன் பக்கம் திரும்பியது. அந்தப் புகார் சொன்ன பெண்தான் நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அப்போ இத்தனை நாள் ஜன்னலைத் திறந்து விட்டது நான்தானே" என்றார். அதற்குப் பிறகு அவர் கணக்காளரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆயிரம் நோட்டீஸ் ஒட்டியிருந்தாலும் அது நடந்திருக்காது.

உங்கள் இடத்தில் இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். கதவு இடுக்கே இல்லாமல் இறுக மூடி, ஜன்னலும் சாத்தியிருந்தால், ஃபேனுக்கு இழுக்கக் காற்றே கிடைக்காது. இறக்கை சுற்றும், வேலை நடக்காது. கதவுக்குக் கீழே ஒரு விரல் அளவு இடுக்கு வேண்டும். ஃபேனின் வெளிப்பக்க மூடித்தகடுகள் பிசுக்கேறித் திறக்காமல் நிற்கிறதா என்றும் வெளியே போய்ப் பாருங்கள். ஸ்பிளிட் ஏசி ஹாலின் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிவிடுவது, வெளிக்காற்றைக் கொண்டுவராது. ஹாலுக்குள் ஒருமுறை வந்துவிட்ட வாடையை அது எல்லா மேஜைக்கும் சமமாகப் பரிமாறிவிடும். வாசனை ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். இரண்டு வாடையும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று வரும், அதுவே பலருக்குத் தலைவலி.

ஃபேனை எவ்வளவு நேரம் ஓட விட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கிச்சன் 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் 21 கன மீட்டர் காற்று. ஃபேன் நடைமுறையில் மணிக்கு 200 கன மீட்டர் இழுக்கிறது என்றால், ஆறு நிமிடத்துக்குச் சற்று மேலானால் அறையளவு காற்று ஒருமுறை போயிருக்கும். ஆனால் புதுக் காற்று பழையதோடு கலந்துகொண்டே இருப்பதால், அந்த ஒரு சுற்றில் வாடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தங்கிவிடும். மூன்று சுற்று போனால்தான் இருபதில் ஒரு பங்காகக் குறையும். அதற்கு 19 நிமிடம் ஆகும். கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்ததும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஃபேனை அணைப்பது பல அலுவலகங்களின் நல்ல பழக்கம். கிச்சனைப் பொறுத்தவரை அதுதான் கெடுக்கிறது. அணைத்ததும் மிச்ச வாடை முழுவதும் கதவு வழியாக ஹாலுக்கு வரும்.

இனி டப்பாவுக்கு வருகிறேன். சிங்க்கில் டப்பா கிடப்பதற்குச் சோம்பல்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு நாள் மதியம் கையில் கடிகாரத்தோடு கிச்சனில் நின்று பாருங்கள். உங்களுக்குப் பன்னிரண்டு பேர், ஒரு மைக்ரோவேவ். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாப்பாட்டுக்கு ஆளுக்கு நான்கு நிமிடம் என்றால் மொத்தம் 48 நிமிடம். ஒரு குழாயில் டப்பா கழுவ ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் 36 நிமிடம். சாப்பாட்டு இடைவேளையே 45 நிமிடம் என்றால், கடைசியில் சூடு பண்ணும் நான்கு பேர் சாப்பிட்டு முடிக்கும்போது இரண்டு மணிக் கூட்டம் ஆரம்பித்திருக்கும். அவர்கள் டப்பாவில் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடுகிறார்கள். எங்கள் இடத்தில் தினமும் சிங்க்கில் டப்பா விட்டவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் வாடிக்கையாளர் தொலைபேசியை எடுக்கிறவர்கள். ஒரு மணிக்கு எழுந்து வர முடியாதவர்கள், வரிசையில் எப்போதும் கடைசி. ஊரெல்லாம் அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரத்தை இரண்டு அணியாகப் பிரித்தோம். 12.45க்கு ஒன்று, 1.30க்கு ஒன்று. தொலைபேசிக்காரர்கள் முதல் அணி. சிங்க் நெரிசல் அந்த வாரமே பாதியாகக் குறைந்தது. இடையில் ஃபேனுக்கு மூச்சு விட நேரம் கிடைத்ததால் வாடையும் குறைந்தது. நோட்டீஸ், அபராதம், முறை வைப்பது எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். ஒரு ரூபாய் செலவில்லை.

அடுத்து, எது யாருடையது என்ற கேள்வி. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில், தேநீர் அறைகளில் 70 தேக்கரண்டிகளுக்கு ரகசியக் குறியிட்டு ஐந்து மாதம் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2005இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. 56 கரண்டிகள் காணாமல் போயிருந்தன. எனக்குப் பயன்பட்டது இன்னொரு எண். எல்லோருக்கும் பொதுவான அறைகளில் பாதிக் கரண்டிகள் மறைய 42 நாள் ஆனது. குறிப்பிட்ட ஒரு குழுவுக்கென்று இருந்த அறைகளில் 77 நாள். ஆட்களின் குணம் அறைக்கு அறை மாறியிருக்காது. இது நம்முடையது என்று சிலருக்காவது தோன்றிய இடத்தில் பொருள் தங்கியது. எங்கள் கிச்சனில் இருபத்திரண்டு பொதுக் கோப்பைகள் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஆளுக்கு ஒன்று, அடியில் பெயிண்ட் பேனாவால் பெயர் எழுதிக் கொடுத்தோம். விருந்தினருக்கு நான்கு மட்டும் தனியாக. ஆளில்லாத கோப்பை என்று ஒன்று சிங்க்கில் கிடக்க வழியே இல்லாமல் போனது. ஊறப் போட்டே ஆக வேண்டிய டப்பாவுக்கு சிங்க்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி வைத்தோம், மூன்று மணிவரை அதில் இருக்கலாம். சிங்க் மட்டும் எப்போதும் காலியாக இருக்கும். காலியான சிங்க்கில் முதல் டப்பாவைப் போட மனிதருக்குக் கை கூசும். ஒன்று கிடந்தால் இரண்டாவதைப் போடக் கூசாது.

இவ்வளவுக்குப் பிறகும் 'நான்தான் எல்லாம் செய்கிறேன்' என்ற குறை இருக்கும். அதைக் கேட்டு யார் பொய் சொல்கிறார்கள் என்று தேடாதீர்கள். ரோஸ், சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாக வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இரண்டையும் கூட்டினால் பெரும்பாலும் நூறு சதவீதத்தைத் தாண்டியது. தான் துடைத்தது ஒவ்வொருவருக்கும் ஞாபகம் இருக்கும், மற்றவர் துடைத்தபோது தான் அங்கே இல்லை. இரண்டு பேர் இருக்கும் வீட்டிலேயே அப்படியென்றால், பன்னிரண்டு பேரில் கேட்கவே வேண்டாம்.

ஆனாலும் ஒரு இடத்தில் அந்தக் குறை பெரும்பாலும் நிஜம். யார் வேலையும் இல்லாத வேலை, பெண்கள் தலையிலும் புதிதாகச் சேர்ந்தவர் தலையிலும் சத்தமில்லாமல் போய் விழும். 2017இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், யாராவது ஒருவர் செய்தே ஆக வேண்டும், செய்தால் தனக்கு லாபமில்லை என்ற வேலைக்கு, ஆண்களும் பெண்களும் கலந்த குழுவில் பெண்களே அதிகம் முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும் என்று குழு இருந்தபோது அந்த வித்தியாசம் இல்லை. பெண்களுக்குச் சுத்தத்தில் ஆசை அதிகம் என்பதல்ல காரணம். அவர்கள் செய்வார்கள் என்று இருபாலரும் எதிர்பார்க்கிறார்கள். ஆகவே 'யாராவது செய்யட்டும்' என்று எதையும் விடாதீர்கள். மேடை துடைப்பது, மைக்ரோவேவ், ஃப்ரிட்ஜ், குப்பை இவை சம்பளம் வாங்கும் துப்புரவுப் பணியாளரின் வேலையாக எழுத்தில் இருக்கட்டும், அதற்கான நேரத்தையும் கூலியையும் கொடுங்கள். தனிப்பட்ட டப்பா அந்தப் பட்டியலில் வரவே கூடாது என்பதையும் எழுதுங்கள். அவர் இரக்கப்பட்டு நான்கு நாள் கழுவிவிட்டால் ஐந்தாம் நாள் பன்னிரண்டு டப்பாவும் சிங்க்கில் இருக்கும்.

அபராதம் போடலாமா என்று முதலாளி கேட்பார். இஸ்ரேலில் சில குழந்தைக் காப்பகங்கள், பிள்ளையை அழைக்கத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தன. தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நீஸி, ரஸ்டிசினி இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு அது. டப்பாவுக்கு ஒரு தொகை நிர்ணயித்தால், காசு கொடுத்துவிட்டேன், கழுவ வேண்டியதில்லை என்று ஆகிவிடும்.

ஒருவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றால் வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள். "சிலர் இன்னும் டப்பாவைக் கழுவுவதில்லை" என்று எழுதினால், கழுவுகிற பத்துப் பேருக்கு வலிக்கும், கழுவாத இரண்டு பேர் அது தங்களை இல்லை என்று நினைப்பார்கள். தனியாக, சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே, பொருளையும் நேரத்தையும் மட்டும் சொல்லுங்கள். "அண்ணா, நேத்து மூணு மணிக்கு நீல டப்பா சிங்க்ல இருந்துச்சு, உங்களோடதுதானே? மீட்டிங் இருந்தா அந்தத் தொட்டில வச்சிடுங்க." இதில் அவர் மறுக்க எதுவும் இல்லை, வெட்கப்படவும் எதுவும் இல்லை. "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்றால் அவர் டப்பாவை மறந்துவிட்டு 'எப்பவும்' என்ற சொல்லோடு சண்டை போடுவார்.

மீனைப் பற்றிப் புகார் சொல்கிறவர்களிடமும் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். எங்கள் இடத்தில் மூன்று பேரின் காரணமும் மூன்று விதமாக இருந்தது. ஒருவருக்கு வாடை பிடிக்கவில்லை, ஃபேனும் ஜன்னலும் சரியானதும் அவர் குறை தீர்ந்தது. இன்னொருவர் அசைவம் தொடாதவர். தன் தட்டு அசைவம் வைத்த தட்டோடு கலக்கிறதே என்பதுதான் அவர் சங்கடம், வாடையைச் சொன்னால் சொல்வது சுலபம் என்பதால் வாடையைச் சொன்னார். அவருக்கென்று மைக்ரோவேவ் மூடி, தட்டு, ஃப்ரிட்ஜின் மேல்தட்டு என்று ஒதுக்கியதும் நிம்மதியானார். அடித்தட்டை ஒதுக்காதீர்கள், மேலேயிருந்து எது ஒழுகினாலும் அங்கேதான் விழும். மூன்றாமவருக்கு ஒற்றைத் தலைவலி. கடுமையான வாடை அவருக்கு உண்மையாகவே வலியைக் கிளப்பும், கர்ப்பமாக இருப்பவர்களுக்குக் குமட்டலும் அப்படித்தான். அவர் மேஜையை ஹாலின் மறு கோடிக்கு மாற்றினோம். நோட்டீஸ் இந்த மூன்று பேரையும் ஒரே கோஷ்டியாக்கி வைத்திருந்தது.

கிச்சனில் வெளிச்சுவரே இல்லை, எக்ஸாஸ்ட் வைக்கவே முடியாது என்றால் இவ்வளவு பலன் கிடைக்காது. கரி வடிகட்டி உள்ள கருவி ஓரளவு உதவும், வடிகட்டி நிறைந்ததும் நின்றுவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். அப்போது ஏதாவது ஒன்றைத் தடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், சாப்பாட்டைத் தடுக்காதீர்கள், செய்முறையைத் தடுங்கள். மூடாமல் சூடு பண்ணக் கூடாது, ஹால் மேஜையில் சாப்பிடக் கூடாது என்ற விதி முதலாளி உட்பட எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தும். 'மீன் கூடாது' என்பது ஒரே ஒரு ஆளின் பெயரை எழுதாமல் எழுதியது. இதையெல்லாம் செய்த பிறகும் ஒரே ஆள், நேரம் இருந்தும், சொல்லியும், கழுவாமல் போகிறார் என்றால் அது கிச்சன் விஷயம் இல்லை. மற்ற வேலை ஒழுங்கைப் பேசுவது போல முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் அதைச் சுமக்கக் கூடாது.

கணக்காளரிடம் நான் நேராகப் போய், நோட்டீஸ் ஒட்டியது என் தப்பு, வாடை வந்தது ஜன்னலாலும் தகட்டாலும் என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொன்னேன். ஒட்டியதும் எல்லோர் முன்னாலும்தானே. அவர் அந்த வாரம் ஒன்றும் கொண்டுவரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டாவது அணியில் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்.

முதலாளி கட்டாயம் ஏதாவது ஒட்டியே ஆக வேண்டும் என்றால், எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் இந்த இரண்டு வரியை ஒட்டுங்கள்: 'இரண்டரை மணி வரை அணைக்க வேண்டாம். ஃபேன் ஓடும்போது ஜன்னலைத் திறக்க வேண்டாம்.'